வங்கியை விட உண்டியலில் ஏன் கூடுதலாகக் கிடைக்கிறது?

"அண்ணே, பேங்க்ல 98 ரூபாய்தான் தருவான். நான் 102 தர்றேன். சாயங்காலத்துக்குள்ள வீட்டுல காசு இருக்கும்." வெளிநாட்டில் வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் பலரும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். உண்டியல், ஹவாலா என்று பெயர்கள் வேறுபட்டாலும் ஏற்பாடு ஒன்றுதான். பணம் எல்லை தாண்டிப் போவதில்லை. இங்கே ஒருவர் உங்களிடம் வாங்கிக்கொள்கிறார், அங்கே அவருடைய ஆள் உங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார், பிறகு அவர்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

பெரும்பாலும் சொன்னபடி பணம் வந்தும் விடுகிறது. அதனால் "வங்கி கொள்ளையடிக்கிறது, இவர் நியாயமாகக் கொடுக்கிறார்" என்று நினைப்பது இயல்பு. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தக் கூடுதல் காசை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியில் இருக்கிறது. தரகர் தன் பையிலிருந்து கொடுப்பதில்லை. உங்களுக்குத் தெரியாத வேறொருவர் கொடுக்கிறார். அவர் ஏன் கொடுக்கிறார் என்று பார்த்தால், நல்ல விலை எங்கிருந்து வருகிறது என்பதும் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

நான்கு விலைகள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, ஒரு டாலருக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டு ரூபாய் என்பது இங்கே முக்கியமில்லை. இந்த 100 என்பது நடு விலை. அதாவது, பெரிய வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது. இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் எண் பெரும்பாலும் இதுதான். சாதாரண ஆளுக்கு இந்த விலை பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் எல்லா விலையையும் ஒப்பிட இதுதான் அளவுகோல்.

ஒருவர் 500 டாலர் அனுப்புகிறார். நடு விலையில் அது 50,000 ரூபாய். அவருடைய வங்கி 10 டாலர் கட்டணம் எடுத்துக்கொண்டு, மீதி 490 டாலருக்கு 98 ரூபாய் வீதம் தருகிறது. வீட்டுக்குப் போய்ச் சேர்வது 48,020. உரிமம் பெற்ற ஒரு பணப்பரிமாற்றச் செயலி 3 டாலர் கட்டணம் வாங்கி 99.40 தருகிறது. போய்ச் சேர்வது ஏறக்குறைய 49,400. தரகர் ஒருவர் கட்டணமே இல்லாமல் 99.50 தருகிறேன் என்கிறார், அது 49,750. இன்னொரு தரகர் 102 என்கிறார், அது 51,000.

முதல் மூன்றும் 50,000-க்குக் கீழே இருக்கின்றன. நான்காவது மட்டும் மேலே போய்விட்டது. பலரும் தரகர் தரும் விலையை வங்கி விலையோடு ஒப்பிடுகிறார்களே தவிர நடு விலையோடு ஒப்பிடுவதில்லை. அதனால் 99.50-உம் 102-உம் அவர்கள் கண்ணுக்கு ஒரே மாதிரி "நல்ல விலை"யாகத் தெரிகின்றன. உண்மையில் இவை இரண்டும் வேறு வேறு சங்கதிகள்.

99.50 எப்படிச் சாத்தியம்

வங்கியின் வழியில் செலவு அதிகம். அனுப்பும் வங்கி, இடையில் நிற்கும் வங்கிகள், வாங்கும் வங்கி என ஒவ்வொன்றும் தன் பங்கை எடுக்கிறது. அடையாளச் சோதனை, சந்தேகப் பரிவர்த்தனைக் கண்காணிப்பு, கிளை வாடகை, ஊழியர் சம்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். உலக வங்கியின் கணக்குப்படி, 200 டாலர் அனுப்ப உலக அளவில் ஆகும் சராசரிச் செலவு பல ஆண்டுகளாக 6 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. 2030-க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. வழிகளிலேயே வங்கிதான் அதிகச் செலவு பிடிப்பது. ஆக, வங்கி மீதான புகாரில் நியாயம் இருக்கிறது.

தரகருக்கு இந்தச் செலவு எதுவும் கிடையாது. ஒரு கைபேசி, ஒரு நோட்டு, எதிர்முனையில் நம்பிக்கையான ஓர் ஆள். நீங்கள் 500 டாலரைக் கொடுத்ததும் எதிர்முனைக்குச் செய்தி போகிறது. அடையாளத்துக்கு ஓர் எண் தருவார்கள். சில இடங்களில் ஏதாவது ஒரு ரூபாய் நோட்டின் வரிசை எண்ணையே அடையாளமாக வைத்துக்கொள்வதும் உண்டு. எதிர்முனை ஆள் தன் கையில் இருக்கும் உள்ளூர்ப் பணத்திலிருந்து 49,750 ரூபாயை உங்கள் வீட்டில் கொடுத்துவிடுகிறார். இப்போது இங்கே இருக்கும் தரகர் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்.

இந்தக் கடன் எப்படித் தீர்கிறது? எதிர்த் திசையில் பணம் அனுப்ப வேண்டியவர்களும் இருப்பார்கள். உங்கள் நாட்டிலிருக்கும் ஒருவருக்கு, நீங்கள் வேலை செய்யும் நாட்டில் படிக்கும் மகளுக்காக டாலர் வேண்டும். வங்கியில் வாங்கினால் 102 கொடுக்க வேண்டும். எதிர்முனை ஆள் 100.50-க்குத் தருகிறேன் என்கிறார். அவரிடம் 50,250 ரூபாயை வாங்கிக்கொள்கிறார். நீங்கள் கொடுத்த அதே 500 டாலரை இங்கே இருக்கும் தரகர் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறார். கடன் தீர்ந்தது. இடையில் நின்ற 500 ரூபாயை இரு தரகர்களும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உங்களுக்கும் லாபம், அந்தப் பெண்ணின் தகப்பனாருக்கும் லாபம். டாலர் எங்கும் பயணம் போகவில்லை.

இது சட்டப்படி சரியா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருவோம். ஆனால் இந்த அளவு விலையைச் செலவுக் குறைப்பை வைத்தே விளக்கிவிடலாம். இரண்டு பேர் தேவையை நேருக்கு நேர் முடிச்சுப் போட்டதில் மிச்சமான காசு இது. செயலிகள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். இரண்டு நாட்டிலும் பணம் வைத்துக்கொண்டு, வரவையும் செலவையும் கழித்து, மிச்சத்தை மட்டும் நகர்த்துகிறார்கள். என்ன, அவர்கள் உரிமத்தோடு, பதிவோடு செய்கிறார்கள். அதனால்தான் செயலிக்கும் முதல் தரகருக்கும் வித்தியாசம் வெறும் 350 ரூபாயாக இருக்கிறது. வங்கிக்கும் தரகருக்கும் இடையே மட்டும் ஒப்பிட்டால் இந்தச் சிறிய வித்தியாசம் கண்ணில் படாது.

102 எப்படிச் சாத்தியம்

இங்கே செலவுக் குறைப்பு விளக்கம் உதவாது. செலவே இல்லாமல் செய்தால்கூட 100 ரூபாய்க்கு மேல் போகக் காரணம் இல்லை. 102 கொடுக்கிறார் என்றால், உங்கள் டாலரை 102-க்கும் மேலே வாங்க ஒருவர் காத்திருக்கிறார் என்று அர்த்தம். வங்கியில் அதே 102-க்கு டாலர் கிடைக்கும்போது, உதாரணத்துக்கு 104 கொடுத்து ஒருவர் ஏன் வாங்க வேண்டும்? வங்கியில் வாங்க முடியாது, அல்லது வாங்கினால் தடம் இருந்துவிடும். இந்த இரண்டில் ஒன்று.

சாதாரணமான ஓர் உதாரணம், இறக்குமதி செய்பவர். ஒரு லட்சம் டாலர் பெறுமான சரக்கைக் கொண்டுவருகிறார். ஆனால் சுங்கத்தில் காட்டும் விலைச்சீட்டில் 60,000 டாலர் என்றுதான் இருக்கிறது. சுங்க வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மறைத்த 40,000 டாலருக்கு 8,000 டாலர், அதாவது 8 லட்சம் ரூபாய் வரி மிச்சம். சரி, சரக்கு விற்றவருக்கு முழு ஒரு லட்சமும் போய்ச் சேர வேண்டுமே? 60,000 வங்கி வழியாகப் போய்விடும். மீதி 40,000-ஐ வங்கி வழியாக அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்த 40,000 டாலர்தான் உங்களைப் போன்றவர்களிடமிருந்து திரட்டப்படுகிறது. 500 டாலர் வீதம் 80 பேர். நீங்கள் கொடுத்த டாலர் நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்தே சரக்கு விற்றவரின் கைக்குப் போய்விடுகிறது. இறக்குமதியாளர் தன் உள்ளூர்ப் பணத்தை எடுத்து, 80 வீடுகளுக்குக் கொடுக்கச் சொல்லித் தரகரிடம் தருகிறார். வங்கி விலையை விட டாலருக்கு 2 ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததில் அவருக்கு 80,000 ரூபாய் செலவு. மிச்சமானதோ 8 லட்சம். அந்த லாபத்தில் ஒரு துணுக்குதான் உங்கள் வீட்டுக்குக் கூடுதலாக வந்த ஆயிரம் ரூபாய்.

வரி ஏய்ப்பவர் இடத்தில் லஞ்சப் பணத்தை வெளிநாட்டில் பதுக்க நினைப்பவரை வைத்துப் பாருங்கள், கணக்கு அப்படியே பொருந்தும். போதைப்பொருள் விற்றுக் குவித்த நோட்டுக்கட்டுகளைக் கைமாற்ற வேண்டியவரையும், இணைய மோசடியில் ஏமாற்றி எடுத்த பணத்தை அவசரமாக வெளியே கடத்த வேண்டியவரையும் வைத்துப் பாருங்கள். மறைக்க வேண்டிய அவசரம் கூடக்கூட அவர்கள் கொடுக்கும் விலையும் கூடும். வரி ஏய்ப்பவர் நடு விலையை விட 4 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், மோசடிக்காரர் 10 ரூபாய்கூடக் கொடுப்பார். அவருக்கு முழுவதும் ஓசிப் பணம்தானே.

நடு விலையோடு ஒப்பிடும் இந்தச் சோதனைக்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு நாட்டு அரசு டாலர் விலையைச் செயற்கையாக அழுத்தி வைத்திருந்தால், "நடு விலை" என்று திரையில் தெரியும் எண்ணே பொய்யாகிவிடும். 2021-22-இல் இலங்கையில் நடந்தது இதுதான். டாலர் கிடைக்காத தட்டுப்பாடு. ஆனால் வங்கி விலை 200 ரூபாயை ஒட்டியே பிடித்து வைக்கப்பட்டிருந்தது. மருந்து, எரிபொருள், உதிரிப்பாகம் கொண்டுவர வேண்டியவர்களுக்கு வங்கியில் டாலர் இல்லை. அவர்கள் வெளியே கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். உண்டியல்காரர்கள் வங்கியை விட மிக அதிகமாகக் கொடுக்க முடிந்தது இதனால்தான். வங்கி வழியாக அனுப்பினால் டாலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகை என்றுகூட அறிவித்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. முறையான வழியில் வந்த தொழிலாளர் பணம் 2020-இல் சுமார் 710 கோடி டாலராக இருந்தது. 2021-இல் சுமார் 550 கோடி, 2022-இல் சுமார் 380 கோடி என்று சரிந்தது. 2022 மார்ச்சில் விலைப்பிடியை விட்டார்கள். டாலர் சில வாரங்களிலேயே 300-ஐ நெருங்கியது. வங்கிக்கும் வெளிச்சந்தைக்கும் இடைவெளி சுருங்கிய பிறகு, 2023-இல் முறையான வரவு மீண்டும் கிட்டத்தட்ட 600 கோடி டாலருக்கு ஏறியது.

இப்படிப்பட்ட நேரத்தில் உண்டியலில் அனுப்புகிறவரைக் குற்றவாளி போலப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் அரிசிக்கும் மருந்துக்கும் பணம் எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது, உழைத்த டாலரைக் குறைந்த விலைக்குக் கொடு என்றால் யார் கேட்பார்கள்? ஆனால் அப்போதும் டாலரை வாங்கும் வரிசையில் மருந்து இறக்குமதியாளரும் கறுப்புப் பணக்காரரும் சேர்ந்தேதான் நிற்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தது யார் பணம் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

வீட்டுக்கு வந்தது யாருடைய பணம்

சாதாரணமாகப் பணம் அனுப்புபவருக்கு இருக்கும் பெரிய ஆபத்து இதுதான், பலரும் யோசிக்காததும் இதுதான். தரகர் ஓடிவிடுவாரோ என்று மட்டும்தான் பயப்படுகிறார்கள். பணம் சொன்னபடி வந்து சேர்ந்த பிறகு வரும் ஆபத்து அவர்கள் கணக்கில் இல்லை.

முன்பெல்லாம் பணம் கையில் வரும், செலவாகிவிடும். இப்போது பெரும்பாலும் "அக்கவுண்ட் நம்பர் குடுங்க" என்கிறார்கள். கணக்கில் பணம் விழுகிறது. ஆனால் அனுப்பியவர் பெயர் உங்கள் பெயராக இருக்காது, தரகர் பெயராகவும் இருக்காது. முன்பின் தெரியாத யாரோ ஒருவர். சில சமயம் 51,000 ரூபாய் ஒரே தவணையாக வராமல் 20,000, 18,000, 13,000 என்று மூன்று பேரிடமிருந்து வரும். அந்த மூவரில் ஒருவர் கணக்கு இணைய மோசடியில் பயன்பட்ட கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை இழந்தவர் புகார் கொடுக்கிறார். காவல்துறை பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே வருகிறது. முதல் கணக்கு, இரண்டாவது, மூன்றாவது, அப்புறம் உங்கள் அம்மாவின் கணக்கு. வங்கி அதை முடக்குகிறது. எங்கோ தொலைவில் இருக்கும் காவல்நிலையத்தின் பெயரைச் சொல்லி, அங்கே போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மோசடிப் பணம் 13,000-ஆகத்தான் இருக்கும். சில வேளை கணக்கே முழுதாக நின்றுபோகிறது.

"என் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம்" என்று அம்மா சொல்வார். உண்மைதான். ஆனால் வங்கிப் பதிவில் மகன் பெயர் எங்கும் இல்லை. மகன் பணம் கொடுத்ததற்கு ரசீதும் இல்லை. நிரூபிக்கப் போனால் தரகரைக் காட்டிக்கொடுக்க வேண்டும், தானும் சட்டத்தை மீறியதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

குற்றக் கும்பல்கள் இதையே ஒரு முறையாக வைத்திருக்கின்றன. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதைப் போல, அப்பாவிகளின் கணக்கில் தங்கள் பணத்தை இட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'குக்கூ ஸ்மர்ஃபிங்' என்றே பெயர். ஆஸ்திரேலியாவின் நிதிக் கண்காணிப்பு அமைப்பான ஆஸ்ட்ராக் இது குறித்துப் பல முறை எச்சரித்திருக்கிறது. அங்கே படிக்கும் ஒரு மாணவருக்குப் பெற்றோர் தங்கள் நாட்டில் ஒரு தரகரிடம் பணம் கட்டுகிறார்கள். தரகர் அந்த மாணவரின் கணக்கு எண்ணை ஆஸ்திரேலியாவில் இருக்கும் கும்பலுக்குக் கொடுக்கிறார். கும்பல், குற்றத்தில் சேர்ந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு பல கிளைகளுக்குப் போய், 10,000 டாலருக்குக் குறைவான தொகைகளாக அந்தக் கணக்கில் போடுகிறது. அங்கே 10,000 டாலரும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கட்டினால் வங்கி அரசுக்கு அறிக்கை தர வேண்டும், அதைத் தவிர்க்கத்தான். மாணவருக்குச் சரியான தொகை வந்துவிட்டது. பெற்றோர் கட்டிய பணம், கும்பலின் ஆளுக்கு வெளிநாட்டில் சுத்தமான பணமாகப் போய்விட்டது.

பிரிட்டனில் 2019-இல் தேசியக் குற்றத் தடுப்பு முகமை இப்படிச் சந்தேகப்பட்ட 95 வங்கிக் கணக்குகளை நீதிமன்ற ஆணை பெற்று முடக்கியது. அவற்றில் இருந்த தொகை சுமார் 36 லட்சம் பவுண்டு. கணக்குக்காரர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு மாணவர்கள். எத்தனை பேருக்கு விவரம் தெரிந்திருக்கும், எத்தனை பேர் விவரம் தெரியாமல் மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம். கணக்கை முடக்க, கணக்குக்காரர் குற்றவாளி என்று நிரூபிக்கத் தேவையில்லை. பணம் குற்றத்திலிருந்து வந்திருக்கலாம் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது

எல்லா நாட்டிலும் ஒன்றையே சொல்லவில்லை. ஹவாலா என்றாலே எங்கும் குற்றம் என்பது தவறான எண்ணம். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுப்பதற்கான பன்னாட்டு அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப்., தன் 14-ஆவது பரிந்துரையில் கேட்பது தடையை அல்ல. பணம் அனுப்பும் தொழில் செய்பவர் யாராக இருந்தாலும் உரிமம் பெற வேண்டும், அல்லது பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே. ஐக்கிய அரபு அமீரகத்தில் மத்திய வங்கியிடம் பதிவு செய்துகொண்டு ஹவாலாத் தொழில் செய்யலாம். பிரிட்டனிலும் பதிவும் அனுமதியும் இருந்தால் சிறிய முகவர்கள் இந்தத் தொழிலைச் செய்யலாம். அமெரிக்காவில் உரிமமோ பதிவோ இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்துவது கூட்டரசுக் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. அந்தத் தண்டனை தொழில் நடத்துபவருக்குத்தான்.

அதை வைத்து "மாட்டினால் தரகர்தானே மாட்டுவார்" என்று நினைத்துவிடக் கூடாது. சில நாடுகளில் சட்டம் வாடிக்கையாளரையும் தொடுகிறது. இந்தியாவின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999 அதற்கு நல்ல உதாரணம். வெளிநாட்டில் வசிப்பவர் ஒருவருக்காக, அவர் சொல்லி வரும் பணத்தை, அங்கீகரிக்கப்பட்ட வழியில் அல்லாமல் பெறக் கூடாது என்கிறது அதன் 3-ஆவது பிரிவு. கவனியுங்கள், "பெறக் கூடாது". வெளிநாட்டிலிருந்து அதற்கு ஈடான பணம் உள்ளே வராமல், உள்ளூரில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறினால் அதுவும் மீறல்தான். உண்டியலில் நடப்பது அச்சு அசல் இதுதான். தொகையைக் கணக்கிட முடிந்தால் அதைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது 13-ஆவது பிரிவு. இது சிறைத்தண்டனை இல்லை, அபராத நடவடிக்கைதான். ஆனால் நோட்டீஸ் வருவது வெளிநாட்டில் இருக்கும் தரகருக்கு அல்ல, வீட்டில் பணம் வாங்கிய அப்பாவுக்கு. அந்தப் பணம் குற்றத்தில் சேர்ந்தது என்று தெரிந்தே வாங்கியதாக நிரூபணமானால் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் சட்டம் வரும், அது கிரிமினல் வழக்கு.

பல ஆண்டுகள் கழித்து வரும் ஒரு சங்கடமும் உண்டு. வீடு வாங்கும்போதோ கடன் கேட்கும்போதோ இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வரித்துறையோ வங்கியோ கேட்கும். வங்கி வழியாக வந்திருந்தால் ஒரு பதிவைக் காட்டி முடித்துவிடலாம். உண்டியலில் வந்த பணத்துக்குக் காட்ட எதுவுமே இருக்காது. நேர்மையாகச் சம்பாதித்த பணமே கணக்கில் வராத பணமாக நிற்கும். அந்த ஆயிரம் ரூபாய் லாபத்தை இதோடு வைத்துத்தான் எடை போட வேண்டும்.

சங்கிலி அறுந்தால்

தரகர் நாணயமானவராகவே இருக்கலாம். அவருடைய பிழைப்பே பெயரில்தான் இருக்கிறது, அதனால் வேண்டுமென்று ஏமாற்றுவது ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் எதிர்முனை ஆள் தன் பணத்திலிருந்து முன்கூட்டிக் கொடுத்துக்கொண்டே வருகிறார் என்பதை நினைவில் வையுங்கள். கணக்குத் தீர்வது தாமதமானாலோ, அவர் பிடிபட்டாலோ, நாணய மதிப்பு ஒரே நாளில் சரிந்தாலோ முதலில் நின்றுபோவது உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய பணம்தான். "இன்னிக்கு, நாளைக்கு" என்று இழுக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் சிக்கல் எதிர்முனையில் இருக்கிறது. அந்த நேரத்தில் பழைய பாக்கி வருவதற்குள் புதிதாகப் பணம் கொடுப்பது பெரிய தவறு. நீங்கள் இன்று கொடுத்ததை வைத்துத்தான் நேற்று கொடுத்தவருக்குத் தருவார்.

தரகர் மேல் தவறே இல்லாமல் முடங்கவும் கூடும். சோமாலிய மக்கள் பெருமளவில் நம்பியிருந்த அல் பரகாத் என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தை, பயங்கரவாதத் தொடர்பு என்ற சந்தேகத்தில் 2001 நவம்பர் 7-ஆம் தேதி அமெரிக்கா முடக்கியது. அந்த வழியாகக் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த பணமும் சேர்ந்தே மாட்டிக்கொண்டது. அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று பின்னர் 9/11 விசாரணைக் குழுவின் ஆய்வாளர்களே எழுதினார்கள். அதுவரை காத்திருக்கும் நிலையில் அந்தக் குடும்பங்கள் இல்லை. உரிமம் பெற்ற நிறுவனம் விழுந்தால்கூட வாடிக்கையாளர் பணத்தைத் தனியே வைத்திருக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு, புகார் கொடுக்க ஓர் அலுவலகமும் இருக்கும். பதிவே இல்லாத தரகர் விழுந்தால் எங்கே போய்ச் சொல்வது?

எதைக் கவனிப்பது

முதலில் நடு விலையைப் பாருங்கள். அதற்குக் கீழே உள்ள விலை என்றால், உரிமம் உள்ளவரா என்று கேட்பது அடுத்த வேலை. நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு, அந்த நாட்டு மத்திய வங்கி அல்லது நிதி ஒழுங்காற்று அமைப்பின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். தரகர் காட்டும் சான்றிதழ் படத்தை நம்ப வேண்டாம். சுவரில் மாட்டியிருக்கும் வணிக உரிமம் சரக்கு விற்கவோ பயணச்சீட்டு போடவோ வாங்கியதாக இருக்கலாம், பணம் அனுப்ப அது செல்லாது. நாணயத் தட்டுப்பாடு இல்லாத நாட்டுக்கு நடு விலையை விடக் கூடுதலாகத் தருகிறேன் என்றால், அந்த மிச்சம் எங்கிருந்து வரும் என்று மேலே பார்த்துவிட்டோம். ஒன்று கவனம்: புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க, உரிமம் பெற்ற செயலிகள் முதல் முறைக்கு மட்டும் சலுகை விலை தருவதுண்டு. அது அவர்களுடைய விளம்பரச் செலவு.

கட்டணத்தை மட்டும் ஒப்பிடாமல், கடைசியில் வீட்டுக்கு எத்தனை ரூபாய் போய்ச் சேரும் என்று ஒப்பிடுங்கள். "கட்டணமே இல்லை" என்பவர் விலையில் எடுத்துக்கொள்வார்.

பணம் கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. ஒவ்வொரு முறையும் புதுப்புது ஆள் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், உங்கள் டாலர் நேராக வேறொருவரின் பாக்கிக்குப் போகிறது. அந்தக் கணக்கு விசாரணைக்கு வந்தால் உங்கள் பெயரும் வரும். பணம் எதற்கு என்ற இடத்தில் "பரிசு" என்றோ "கடன் திருப்பம்" என்றோ பொய் எழுதச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், பின்னாளில் அந்த வரியே உங்களுக்கு எதிரான சாட்சி. கிரிப்டோவில், குறிப்பாக டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும் யுஎஸ்டிடி-யில், வாங்கி அனுப்பினால் நல்ல விலை என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். எதிர்முனையில் அதை முன்பின் தெரியாதவரிடம் விற்று ரூபாயாக்கும்போது அதே அந்நியர் பணம், அதே முடக்கம்.

ஏற்கெனவே கணக்கில் தெரியாத பெயர்களிலிருந்து பணம் விழுந்திருக்கிறது, என்ன செய்வது? அந்தத் தொகையைத் தொடாதீர்கள். "தப்பாக வந்துவிட்டது, இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று யாராவது அழைத்தால் நீங்களாக அனுப்பவும் வேண்டாம். அது பணத்தை இன்னொரு கணக்குக்குக் கடத்த உங்களைப் பயன்படுத்தும் வழியாக இருக்கலாம். வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள். தரகரோடு நடந்த செய்திப் பரிமாற்றம், சம்பளச் சீட்டு, பணம் எடுத்த வங்கிப் பதிவு எதையும் அழிக்காமல் வையுங்கள். "எல்லாத்தையும் டெலீட் பண்ணிடுங்க" என்று தரகர் சொல்வார். அது அவருடைய பாதுகாப்புக்கு. பணம் உங்கள் உழைப்பிலிருந்து வந்தது என்று காட்ட உங்களிடம் இருப்பது அது மட்டும்தான். கணக்கு முடங்கிவிட்டால் வங்கியிடம் எந்த அமைப்பு, எந்த வழக்கு எண், எந்தத் தேதியில் வந்த எந்தத் தொகைக்காக என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு, பேசுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி கேட்க வழி இருக்கிறது. அந்தக் கோரிக்கைக்கு முதலில் தேவைப்படுவது இந்த விவரங்கள்தான்.